அம்மாவுக்கும் சுவருக்கும் இடையில்

ஈப்போவைத் தாண்டி வட-தென் நெடுஞ்சாலையில் போகும்போது பக்கத்துச் சன்னல் வழியாகச் சும்மா ஐந்து நிமிடம் வெளியே பாருங்கள். சாலையோரத் தடுப்புக் கம்பி கண்ணுக்கே பிடிபடாமல் ஓடும். அதற்கு அப்பால் நிற்கும் செம்பனை மரங்கள் ஒவ்வொன்றாக நகரும். தூரத்துச் சுண்ணாம்புக் குன்று அவசரமே இல்லாமல் மெல்ல விலகும். இரவு நேரமாக இருந்து நிலாவும் வந்துவிட்டால், அது நம்மோடு கூடவே வரும். பின் இருக்கையில் இருக்கும் பிள்ளை, "நிலா ஏன் நம்ம காரையே துரத்துது?" என்று கேட்கும்.

அந்தக் கேள்விக்குள்தான் இந்த வார விஷயம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது வேகமாக நகர்கிறது, தள்ளி இருப்பது மெதுவாக நகர்கிறது, வெகுதூரத்தில் இருப்பது நகர்வதே இல்லை. எது பக்கம், எது தூரம் என்று மூளை முடிவு செய்ய இந்த வேக வித்தியாசம் பெரிய துணை. ஆங்கிலத்தில் பேரலக்ஸ், தமிழில் இடமாறு தோற்றம்.

பழைய குடும்பப் படங்களை வைத்துக் காணொளி செய்பவர்கள் வழக்கமாக ஒன்று செய்வார்கள். படத்தை மெதுவாகப் பெரிதாக்குவார்கள், அல்லது ஒரு பக்கமாக நகர்த்துவார்கள். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் இதை அழகாகச் செய்ததால், சில மென்பொருள்களில் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த அசைவில் அம்மாவும் அவர் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே வேகத்தில்தான் நகர்வார்கள். கண்ணுக்குத் தெரிவது ஒரு தாளின் அசைவு. அங்கே ஓர் இடம் இருந்தது, அதில் மனிதர்கள் நின்றார்கள் என்ற உணர்வு வராது.

கார்ட்டூன் படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் முன்பே இருந்தது. நிலா வெளிச்சத்தில் ஒரு பண்ணை வீடு. கேமரா வீட்டை நோக்கிப் போனால், வீட்டோடு சேர்ந்து நிலாவும் பெரிதாகிக்கொண்டே வரும். நிஜத்தில் அப்படி நடக்காது. வால்ட் டிஸ்னியின் கூடத்தில் இதற்காக ஓர் உயரமான கேமரா செய்தார்கள். காட்சியைப் பிரித்து வெவ்வேறு கண்ணாடித் தட்டுகளில் வரைந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கி, மேலிருந்து படம் பிடித்தார்கள். 1937இல் வந்த 'தி ஓல்ட் மில்' என்ற குறும்படத்தில் அதன் வேலையைப் பார்க்கலாம். அதற்கும் முன்னால், 1926இல், ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் தன் நிழலுருவப் படமான 'இளவரசர் அக்மது'வுக்குக் கண்ணாடி அடுக்குகளைப் பயன்படுத்தியிருந்தார். 2002இல் வந்த 'தி கிட் ஸ்டேஸ் இன் த பிக்சர்' என்ற ஆவணப்படம் இதே யோசனையைப் புகைப்படங்களுக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியது.

இன்று அதற்குக் கண்ணாடி வேண்டாம். வீட்டுக் கணினியும் இரண்டு இலவச மென்பொருள்களும் போதும். படத்தை வெட்ட 'ஜிம்ப்', அசைக்க 'டாவின்சி ரிசால்வ்' இலவசப் பதிப்பு. நான் செய்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் வானொலியின் சமூக ஊடகப் பக்கத்துக்காக நேயர்களிடம் தோட்டத்துப் படங்கள் கேட்டிருந்தோம். ஓர் அக்கா தன் அம்மாவின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றரை அங்குலம் அகலம், இரண்டரை அங்குலம் உயரம், கறுப்பு வெள்ளை. பின்பக்கம் பென்சிலில் 1956 என்று எழுதியிருந்தது. நடுவில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன். பின்னால் லயத்தின் பலகைச் சுவரும் ஒரு கதவும். லயம் முடியும் வலது ஓரத்தில், எதிர்மேட்டில் பால்மரங்கள். அந்தப் பெண்ணுக்கு இது ஒன்றுதான் படம். வேறு படமே எடுக்கவில்லை.

படம் கொண்டுவந்த அக்காவின் அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. படத்தில் இருப்பது அவருடைய தாயார். பாட்டியைக் கைப்பேசியில் அழைத்துப் பேசினேன். "நான் படத்துல இல்ல தம்பி. கோவிச்சுக்கிட்டு வரமாட்டேன்னுட்டேன். படம் புடிச்சவருக்குப் பக்கத்துல, இடது கைப்பக்கம் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அதாவது, கேமரா பார்த்ததைப் பார்த்த ஒரு ஜோடிக் கண் இன்னும் இருக்கிறது. இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வருடி எடுக்கும்போது அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தேன். படம் கணினியில் 2,100 பிக்சல் அகலமும் 1,500 பிக்சல் உயரமுமாக வந்தது. காணொளித் திரை 1,920க்கு 1,080. ஆக, அகலத்தில் இரு பக்கமும் 90 பிக்சல் வீதம் மிச்சம். உயரத்தில் 420 மிச்சம். இந்த மிச்சம் முக்கியம். திரையின் அளவுக்கே படம் இருந்தால், அடுக்கை ஒரு பக்கம் தள்ளியதுமே மறுபக்கம் கறுப்புக் கோடு எட்டிப்பார்க்கும்.

கத்தரிக்கோலை எடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எது எவ்வளவு நகரப் போகிறது? பலர் முதலில் வெட்டிவிட்டு, பிறகு கண்ணளவில் நகர்த்திப் பார்க்கிறார்கள். ஆனால் எவ்வளவு நகரும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு வரைய வேண்டும் என்று தெரியும். அது கீழே விளங்கும்.

அளவைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மூன்று மடங்கு தள்ளி நிற்கும் பொருள் மூன்றில் ஒரு பங்கு அளவில் தெரியும். கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால், அதே பொருள் மூன்றில் ஒரு பங்குதான் இடம் மாறும். அளவு எந்த விகிதத்தில் சுருங்குகிறதோ, அசைவும் அதே விகிதத்தில் சுருங்கும். ஆகவே தூரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உயரம் தெரிந்தால் போதும்.

அந்தத் தாயார் ஐந்தடி இருப்பார் என்று பாட்டி சொன்னார். படத்தில் அவர் உயரம் 1,050 பிக்சல். ஓர் அடிக்கு 210 பிக்சல். பின்னால் இருக்கும் கதவு படத்தில் 455 பிக்சல் உயரம். கதவு ஆறரை அடி என்று வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கு 70 பிக்சல். 210க்கும் 70க்கும் விகிதம் மூன்றுக்கு ஒன்று. சுவர், தாயாரைப் போல மூன்று மடங்கு தூரத்தில் இருக்கிறது.

பாட்டியிடமும் கேட்டுப் பார்த்தேன். "அவரு நாலு நடை தள்ளி நின்னு புடிச்சாரு. அம்மாவுக்குப் பின்னால சுவத்துக்கு ஒரு எட்டு, ஒன்பது நடை இருக்கும்" என்றார். நாலும் எட்டரையும் சேர்த்தால் பன்னிரண்டரை. நாலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அறுபது வருடங்களுக்கு மேலான ஞாபகமும் கணக்கும் ஒன்றாகவே வந்தன. பால்மரங்கள் எவ்வளவு தூரம் என்றேன். "கூப்பிட்டா குரல் கேட்கும், ஆள் யாருன்னு தெரியாது" என்றார். அப்படியென்றால் சுவரைப் போலப் பத்து மடங்காவது இருக்கும்.

இப்போது அசைவைத் தீர்மானித்தேன். முன்னடுக்கில் இருக்கும் தாயும் பிள்ளைகளும் 90 பிக்சல். நடு அடுக்கான லயம் 30 பிக்சல். பின்னடுக்கான மரங்களும் வானமும் கணக்குப்படி 3 பிக்சல். 90 பிக்சல் என்பது எவ்வளவு? அடிக்கு 210 என்றால், கேமரா அங்கே ஐந்து அங்குலம் நகர்ந்ததற்குச் சமம். பார்ப்பவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பது போல. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஏனென்றால் வெட்டியெடுத்த உருவம் ஓர் அட்டை. அதற்குக் கனம் இல்லை. சிறிய அசைவில் கண் அதை மன்னித்துவிடும். அசைவு கூடக் கூட, மூக்கும் காதும் ஒரே தட்டையில் இருப்பது தெரிந்துபோகும். ஆள் நிற்கும் இடத்தில் கட்டவுட் நிற்கும்.

இன்னொரு முடிவும் இங்கேயே எடுத்தேன். உண்மைப் படத்தின் நிலையை அசைவின் நடுவில் வைத்தேன். முன்னடுக்கு 45 பிக்சல் இடதுபுறத்தில் தொடங்கி, சரியான இடத்தைக் கடந்து, 45 பிக்சல் வலதுபுறத்தில் முடியும். இதனால் எந்த நேரத்திலும் அது தன் இடத்திலிருந்து 45க்கு மேல் விலகாது. லயம் அதே திசையில் 15 விலகும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 30. அதாவது, தாயாருக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்க்கும் சுவர், அதிகபட்சம் 30 பிக்சல் அகலமுள்ள ஒரு துண்டு மட்டுமே. இந்த 30 என்ற எண்தான் மொத்த வேலையையும் சுருக்குகிறது.

இனி வெட்டலாம். ஒரே படத்தை மூன்று பிரதி எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மேல் பிரதியில் மனிதர்கள் மட்டும் தெரியும்படி மற்றதை மறைத்தேன். நடுப் பிரதியில் லயமும் தரையும். கீழ்ப் பிரதியில் மரமும் வானமும். அழிப்பான் கொண்டு அழிக்காமல், மறைப்பு போட்டு மறைப்பது நல்லது. தவறி வெட்டினால் திரும்பக் கொண்டுவரலாம்.

எதை எந்த அடுக்கில் சேர்ப்பது என்பதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டுக்கொண்டிருப்பவை பிரியக் கூடாது. சிறுவன் அம்மாவைவிட அரையடி முன்னால் நிற்கிறான்; தனி அடுக்காக்கினால் இன்னும் ஆழம் கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் அவன் கை சேலையைப் பிடித்திருக்கிறது. இரண்டு அடுக்காக்கினால், கை சேலையின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். ஆழம் வருவதற்குப் பதிலாகப் பிடி விட்டுப்போகும். மூவரும் ஒரே அடுக்கு என்று விட்டுவிட்டேன்.

அடுத்து, பலரும் கவனிக்காமல் விடும் ஓர் இடம். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவரின் மறு கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு முக்கோண இடைவெளி உண்டு. அதன் வழியாகத் தெரிவது சுவர். வெளிக்கோட்டை மட்டும் சுற்றி வெட்டினால், அந்த முக்கோணச் சுவர் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு வரும். பலகைச் சுவரின் கோடுகள் வெளியே ஒரு வேகத்திலும் முக்கோணத்துக்குள் வேறு வேகத்திலும் போகும். பார்ப்பவர்களுக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஏதோ உறுத்தும். சிறுவனுடைய கழுத்துக்கும் சேலைக்கும் நடுவில்கூட அப்படி ஒரு சிறு கீற்று இருந்தது. உள்ளே இருக்கும் ஓட்டைகளையும் தேடி வெட்ட வேண்டும்.

விளிம்பில் ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டி, ஒரு பிக்சல் அளவுக்கு மென்மையாக்கினேன். கோட்டின் மேலேயே வெட்டினால் பழைய சுவரின் வெளிறிய நிறம் உருவத்தோடு ஒட்டி வந்து, சுற்றிலும் ஒளிவட்டம் போல நிற்கும். கறுப்புக் கூந்தலைச் சுற்றி அது உடனே தெரியும். தெரிகிறதா என்று சோதிக்க ஒரு வழி: மற்ற அடுக்குகளை மூடிவிட்டு, உருவத்துக்குக் கீழே அடர்ந்த இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் அடுக்கு வையுங்கள். அதன்மேல் எந்த வெள்ளைக் கோடும் மறைய முடியாது. காற்றில் பறந்த ஓரிரு முடிகளை நான் விட்டுவிட்டேன். அவற்றைச் சுவரோடு விடுவதைவிட முழுவதும் எடுத்துவிடுவது மேல்.

இப்போது நிரப்புவது. அம்மா நகர்ந்தால் அவருக்குப் பின்னால் என்ன தெரியும்? நடுப் பிரதியை மட்டும் பார்த்தால், அங்கேயும் அவர் நின்றுகொண்டிருப்பார். அப்படியே விட்டால் ஆள் நகரும்போது பின்னால் இன்னோர் ஆளின் ஓரம் தெரியும். பேய்ப்படம் ஆகிவிடும். ஆகவே அவரை எடுத்துவிட்டு அங்கே சுவர் வரைய வேண்டும். முந்நூறு பிக்சல் அகலமுள்ள ஓர் ஆளின் முழு உருவத்துக்கும் சுவர் வரைவதென்றால் பயமாக இருக்கும். ஆனால் நமக்குத்தான் கணக்குத் தெரியுமே! வெளியே தெரியப்போவது 30 பிக்சல். பத்துப் பிக்சல் கூடுதலாக வைத்து, அவருடைய வெளிக்கோட்டிலிருந்து உள்நோக்கி 40 பிக்சல் அகலத்துக்கு மட்டும் சுவரை நீட்டினால் போதும். நடுவில் அவர் அப்படியே இருக்கட்டும். முன்னடுக்கு எப்போதும் அந்த இடத்தை மூடியே இருக்கும். கை போன்ற ஒல்லியான இடங்களில் மட்டும் இரண்டு பக்க நிரப்பும் சந்தித்துவிடும். அங்கே முழுவதும் வரைய வேண்டும்.

நிரப்ப நான் எடுத்தது குளோன் தூரிகை. பக்கத்தில் இருக்கும் சுவரை அப்படியே எடுத்து இங்கே பூசும். பலகையின் கோடு எங்கே முடிகிறதோ அங்கிருந்து அதே நேர்க்கோட்டில் தொடர வேண்டும். பழைய படத்தில் இருக்கும் மணல் போன்ற பொரியும் கூடவே வந்துவிடுவதால் ஒட்டுப்போட்டது தெரியாது. மென்மையான தூரிகையில் வெறும் சாம்பல் நிறம் பூசினால், அந்த இடம் மட்டும் மொழுமொழுவென்று தனியாகத் தெரியும்.

தாயாரின் இடது பக்கத்தில், அதாவது நமக்கு வலப்பக்கத்தில், நிரப்புவது சுலபமாக இருந்தது. வெறும் பலகை. மறுபக்கம் அப்படியில்லை. அவருடைய தோளை ஒட்டி, இருண்ட ஒன்று பாதி தெரிந்தது. அதை 40 பிக்சல் நீட்ட வேண்டும். என்ன பொருளென்று தெரியாமல் எதை நீட்டுவது? சன்னலாக இருந்தால் ஒரு சட்டம் வரைய வேண்டும். நிழலாக இருந்தால் மெல்ல மங்க வேண்டும். பாட்டியிடம் கேட்டேன். படத்தை அக்கா கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கம்பளி, தம்பி. சுவத்த ஒட்டி ஒரு கயிறு கட்டியிருப்பாங்க. அதுல காயுது. அப்பாவோட கம்பளி அது" என்றார்.

இந்த ஒரு பதில் இரண்டு விஷயங்களைத் தீர்த்தது. அது துணி, ஆகவே மடிப்புகளை மேலிருந்து கீழாகத் தொடர வேண்டும். அது சுவரை ஒட்டித் தொங்குகிறது; ஆகவே லயத்தின் அடுக்கிலேயே இருக்கலாம். கயிறு முற்றத்தின் நடுவில் கட்டியிருந்தால், கம்பளிக்கு நான்காவது அடுக்கு ஒன்று தேவைப்பட்டிருக்கும்.

பின்னடுக்கில் வேலை இன்னும் குறைவு. லயம் 15 பிக்சல் நகரும்போது அதன் வலது ஓரத்தில் மட்டுமே மரங்கள் எட்டிப்பார்க்கும். அங்கே 20 பிக்சல் இலைகளை நீட்டினேன். கூரையின் மேல்கோட்டுக்கு எதுவும் தேவைப்படவில்லை; அசைவு பக்கவாட்டில் மட்டும் என்பதால் படுக்கைக் கோட்டின் பின்னால் எதுவும் புதிதாகத் தெரியாது.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது: கால். அம்மாவின் பாதம் மண்ணில் இருக்கிறது. மண்ணோ லயத்தின் அடுக்கில் இருக்கிறது. அம்மா 90 நகர, மண் 30 நகர்ந்தால், அவர் ஐஸில் சறுக்குவது போல இருக்கும். தரைதான் இந்த வித்தையின் பலவீனம். ஏனென்றால் தரைக்கு ஒரே தூரம் கிடையாது; காலடியில் தொடங்கிச் சுவர் வரை போகிறது. சிலர் காலடி மண்ணைக் கொஞ்சம் ஆளோடு சேர்த்து வெட்டி, ஓரத்தை மங்கலாக்குவார்கள். புல் இருக்கும் படத்தில் அது ஒத்துவரும். இங்கே கூட்டிப் பெருக்கிய வெறும் மண், ஒட்டு தெரிந்துவிடும்.

எனக்குக் கைகொடுத்தது உயரத்தில் மிச்சமிருந்த அந்த 420 பிக்சல். திரைக்குள் படத்தை வைக்கும்போது மேலே 120, கீழே 300 என்று வெளியே விட்டேன். பாதங்கள் 1,400ஆவது பிக்சல் வரிசையில் இருந்தன. சட்டம் 1,200இல் முடிந்தது. அவர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே திரை முடிய, பாதமும் மண்ணும் சேரும் இடம் கண்ணிலேயே படவில்லை. மிச்சம் தெரியும் தரையில் கல்லோ கோடோ இல்லாததால் அது எந்த வேகத்தில் நகர்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய படத்தை வெட்டிக் காட்டுவதா என்று கேட்டால், காணொளியின் கடைசியில் முழுப் படத்தையும் அசைவில்லாமல் நான்கு விநாடி காட்டிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

மூன்று அடுக்குகளையும் தனித்தனி பிஎன்ஜி கோப்புகளாகச் சேமித்தேன். ஜேபெக் வேண்டாம், அது மறைத்த இடத்தை எல்லாம் வெள்ளையாக நிரப்பிவிடும். காணொளி மென்பொருளில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை: பெரிய படத்தை உள்ளே கொண்டுவந்தால் மென்பொருள் அதைத் தானாகத் திரை அளவுக்குச் சுருக்கக்கூடும். அதை நிறுத்திவிட்டு, மூன்றும் உண்மை அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாம் போட்ட கணக்கும் சேர்ந்து சுருங்கிப்போகும், ஓரமும் வெளியே வரும்.

நேரம் ஆறு விநாடி. விநாடிக்கு 25 சட்டம் என்றால் மொத்தம் 150 சட்டங்கள். அம்மா ஒரு சட்டத்துக்குச் சராசரியாக அரை பிக்சலுக்குச் சற்று அதிகமாக நகர்வார். கண்ணுக்கு அது நகர்வதாகத் தெரியாது, மூச்சு விடுவது போல இருக்கும். மரங்களுக்குக் கணக்கில் வந்த 3 பிக்சலை 150 சட்டத்துக்குப் பங்கு போட்டால், ஒரு பிக்சல் நகர 50 சட்டம் ஆகும். சில மென்பொருளில் அது ஓடாமல், இரண்டு விநாடிக்கு ஒருமுறை டக்கென்று தாவும். அமைதியான வானத்தில் அந்தத் தாவல் பளிச்சென்று தெரியும். ஆகவே பின்னடுக்கை அசைக்காமல் அப்படியே நிறுத்திவிட்டேன். நிலா நகராது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. தொடக்கமும் முடிவும் வெடுக்கென்று இல்லாமல் மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும்படி வைத்தேன். மூன்றும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் நிற்க வேண்டும். நகர்வது கேமரா ஒன்றே.

முடித்ததும் ஓடவிட்டுப் பார்ப்பதற்கு முன், முதல் சட்டத்தையும் கடைசிச் சட்டத்தையும் மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அடுக்குகள் அதிகம் விலகியிருப்பது அந்த இரண்டிலும்தான். பேயின் ஓரம், கறுப்புக் கோடு, ஒளிவட்டம் எதுவாக இருந்தாலும் அங்கே அகப்பட்டுவிடும். அவை சுத்தமாக இருந்தால் நடுவில் இருப்பதும் சுத்தமாக இருக்கும். கைப்பேசியில் பார்த்துத் திருப்திப்படாமல் வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு பிக்சல் தவறு சின்னத் திரையில் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 40 பிக்சல் சுவரும் கம்பளியும் நான் வரைந்தவை. 1956இல் கேமரா அதைப் பார்க்கவில்லை. குடும்பத்தாருக்கு இது விளையாட்டு இல்லை. ஒருவருக்கு இருக்கும் ஒரே படம். ஆகவே இந்த வேலையைச் செய்யும்போது மூலப் படத்தின் பிரதியைத் தொடாமல் தனியாக வையுங்கள். அசையும் படத்தைக் கொடுக்கும்போது எங்கே வரைந்தோம் என்பதைச் சொல்லிவிடுங்கள். பிற்பாடு ஒரு பேரப்பிள்ளை அசையும் படத்திலிருந்து ஒரு சட்டத்தை நிறுத்தி எடுத்து, இதுதான் தாத்தா காலத்துப் படம் என்று சட்டம் போட்டு மாட்டிவிடக் கூடாது. முகத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. கண் சிமிட்ட வைக்கவில்லை, சிரிக்க வைக்கவில்லை. நகர்ந்தது இடைவெளி மட்டும்.

எந்தத் திசையில் நகர்த்துவது என்பதைக் கடைசியாகத்தான் முடிவு செய்தேன். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பாட்டி, படம் பிடித்தவரின் இடது கைப்பக்கம் நின்றதாகச் சொன்னார். கேமரா இடது பக்கம் போனால், முன்னால் இருப்பவர்கள் திரையில் வலது பக்கம் நகர வேண்டும். அதனால்தான் அம்மாவை இடதிலிருந்து வலதுக்கு நகர்த்தினேன். அந்த ஐந்து அங்குலமும், கோவித்துக்கொண்டு நின்ற பிள்ளை இருந்த பக்கமாகவே போகிறது.

அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார்களாம். பாட்டி மூன்று தடவை போடச் சொன்னாராம். பிறகு, "அந்தக் கம்பளி இன்னும் கொஞ்சம் கீழ வரைக்கும் தொங்கும்" என்றாராம். இந்த வாரம் திருத்திக் கொடுக்கிறேன்.